கீழ்ப் பாதிக்கும் நீளம் உண்டு

“அப்ப பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் போயிட்டுத் திரும்பி வந்தா, பஸ் ஓடவே இல்லைன்னு எழுதுவீங்களா சார்?”

“பஸ் கதையெல்லாம் வேணாம்மா. கணக்குல இருக்கறதைப் பேசுங்க. இந்த மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சு?”

“வர வேண்டிய எடத்துலேர்ந்துதான் வந்துச்சு.”

“வரலைங்க. இழுத்துக்கிட்டு வந்திருக்கான். விடை எட்டு ஏ-ன்னு ஊருக்கே தெரியும். மைனஸ் போடலைன்னா ஜீரோ வரும். அதான் ஒண்ணைச் சொருகிட்டான்.”

இந்தச் சண்டை என் முதுகுக்குப் பின்னால் நடந்தது. 2003 மே மாதம், பெரம்பலூரில் ஒரு கல்லூரி. பி.எஸ்சி. கணித விடைத்தாள் திருத்தும் முகாம். நான் ஜன்னல் ஓரம் இருபது தாளை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் பின்னால் இருந்தது.

என் பெயர் செல்வநாதன். சொந்த ஊர் வரதராசன்பேட்டை. அரியலூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். தினமும் குன்னம் வழி பஸ்ஸில் போய் வருவேன். கதை எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கணக்குத் தெரியாதவர்களும் பாதியில் விட்டுவிட வேண்டாம். விஷயம் ரொம்பச் சின்னது.

முகாமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு கல்லூரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். மேலே தலைமைத் திருத்துநர் ஒருவர். எழுதியவர் பெயர், பதிவெண் எதுவும் தாளில் இருக்காது. முன்பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு வேறு ஒரு எண் போட்டிருப்பார்கள். அதைப் பொய் எண் என்போம். நாங்கள் சிவப்பில் திருத்துவோம். தலைவர் சில தாளை உருவிப் பார்த்து, மாற்ற வேண்டும் என்றால் பச்சையில் மாற்றுவார். பச்சைக்கு மேல் எதுவும் இல்லை.

எனக்கு அந்தப் பன்னிரண்டு நாள்தான் வருஷத்திலேயே நல்ல நாள். அறையில் பேச ஆள் கிடையாது. கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள். முகாமில் மட்டும்தான் பதினொரு மணிக்குச் சேர்ந்து டீ குடிப்போம். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வருஷம் வந்த கேள்வியைப் பற்றிப் பேசுவோம், சிரிப்போம். “செல்வநாதன் சார், இந்த ஊறுகா எடுத்துக்குங்க” என்று ஒருவர் சொல்வார். அது போதும் எனக்கு. முகாமுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பட்டியல் எழுதிக் கொடுப்பவர் தலைவர். அதாவது இளையபெருமாள் சார். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அந்தச் சண்டையில் இருந்தவர்கள் அவரும் பரிமளா மேடமும்தான். மேடம் குன்னம் பக்கத்து ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். வேறு ஒரு கல்லூரி. முகாமில் எனக்குப் பக்கத்து நாற்காலி. கணக்கைக் கணக்காகப் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். மற்றவர்கள் விடையோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் “இது ஏன் சார் இப்படி?” என்று ஆரம்பிப்பார்.

பதினேழாம் கேள்வி இதுதான். கார்டியாய்டு என்று ஒரு வளைவு. இதயம் போல, இல்லை, படுக்க வைத்த வெற்றிலை போல இருக்கும். காம்பு இருக்கிற புள்ளியிலிருந்து தீட்டா என்ற கோணத்தில் திரும்பிப் பார்த்தால் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் சமன்பாடு. ஆர் என்பது அந்தத் தூரம், ஏ வளைவின் அளவைக் குறிக்கும் எண். ஆர் சமம் ஏ பெருக்கல், ஒன்று கூட்டல் காஸ் தீட்டா. அதன் மொத்த நீளம் என்ன? பத்து மதிப்பெண்.

செய்முறை எல்லா வருஷமும் ஒன்றுதான். ஆர் வர்க்கத்தையும், ஆரை வகையிட்டு வருவதன் வர்க்கத்தையும் கூட்டி, ரூட் எடுத்து, தொகையிட வேண்டும். கூட்டினால் ரூட்டுக்குள் இரண்டு ஏ வர்க்கம் பெருக்கல், ஒன்று கூட்டல் காஸ் தீட்டா என்று வரும். அதை அப்படியே தொகையிடப் போனால் மாட்டிக்கொள்வோம். ஒன்று கூட்டல் காஸ் தீட்டா என்பது இரண்டு முறை காஸ் வர்க்கம் பாதித் தீட்டா. அதைப் போட்டதும் ரூட்டுக்குள் நான்கு ஏ வர்க்கம் காஸ் வர்க்கம் பாதித் தீட்டா என்று முழு வர்க்கமாக நிற்கும். ரூட் கழன்றுவிடும். இரண்டு ஏ காஸ் பாதித் தீட்டா. பையன்களுக்கு இந்த இடம் வந்தால் சந்தோஷம்.

புத்தகத்தில் இதற்கு முன்பே ஒரு வரி இருக்கும். வளைவு மேலும் கீழும் ஒரே மாதிரி, அதனால் பூஜ்யத்திலிருந்து பை வரை, அதாவது நூற்றெண்பது டிகிரி வரை, மேல் பாதிக்கு மட்டும் கண்டுபிடித்து இரண்டால் பெருக்கு. மேல் பாதி நான்கு ஏ. மொத்தம் எட்டு ஏ. பதினாறு வருஷமாக நானும் இப்படித்தான் போர்டில் எழுதிப் போட்டேன்.

பரிமளா மேடம் கையில் இருந்த தாளில் அப்படி இல்லை. அந்தப் பிள்ளை சமச்சீர் என்றே எழுதவில்லை. பூஜ்யத்திலிருந்து இரண்டு பை வரை முழுச் சுற்றும் எடுத்து, பையில் இரண்டாக வெட்டியிருந்தது. முதல் துண்டு, காஸ் பாதித் தீட்டா. நான்கு ஏ. இரண்டாவது துண்டுக்கு முன்னால் ஒரு மைனஸ். அதுவும் நான்கு ஏ. கூட்டி எட்டு ஏ. அந்த மைனஸுக்குப் பக்கத்தில், மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க, தமிழில் ஒரே ஒரு வரி: ‘கீழ்ப் பாதிக்கும் நீளம் உண்டு, அதனால் மைனஸ்.’

படமும் போட்டிருந்தது. மேல் பாதி சாதாரணக் கோடு. கீழ்ப் பாதியைப் பென்சிலை அழுத்தி, தாளே பள்ளம் விழுகிற மாதிரிக் கறுப்பாக வரைந்திருந்தது.

மேடம் பத்துக்குப் பத்து போட்டு, மொத்தம் நாற்பத்து மூன்று ஆக்கியிருந்தார். தலைவர் உருவிய தாள்களில் அது போய்விட்டது. பச்சையில் பத்தை அடித்து இரண்டு போட்டார். மொத்தம் முப்பத்தைந்து. நாற்பது எடுத்தால் பாஸ்.

“ரூட்டுன்னா எப்பவும் நெகட்டிவ் வராது சார். பைக்கு அப்புறம் காஸ் பாதித் தீட்டா நெகட்டிவ் ஆயிடுது. அப்ப ரூட்டை எடுக்கறப்ப மைனஸ் போட்டுத்தானே ஆவணும்?” என்றார் மேடம்.

“அதை அவன் எழுதியிருக்கானா? கீழ்ப் பாதிக்கு நீளம் உண்டாம், அதனால மைனஸாம். இது காரணமா? ஜீரோ வரக்கூடாதுன்னு போட்ட மைனஸுங்க இது. முப்பது வருஷமா பாக்கறேன் இந்த வித்தையை.”

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எங்களுக்கு இது பழகிப்போன திருட்டு. விடை தெரிந்த பையன் கடைசி வரியில் வராத விடையை வரவழைக்க எங்கேயாவது ஒரு மைனஸைத் தூவிவிடுவான். நாங்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தேடுவோம். காரணமில்லாத மைனஸ் கண்ணில் பட்டால் கை தானாகக் கோடு போடும்.

மேடம் விடவில்லை. இருவருக்கும் குரல் ஏறிவிட்டது. மற்றவர்கள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு, “செல்வநாதன், இங்க வாங்க. நீங்க சொல்லுங்க” என்றார்.

எழுந்து போனேன். தாளைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சரியாக இருக்கும் போலத் தோன்றியது. தப்பாகவும் இருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை வாங்கி இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷப் பட்டியல் ஞாபகம் வந்தது. பதினொரு மணி டீ ஞாபகம் வந்தது.

“புக்குல சிமெட்ரி போட்டுத்தான் சார் இருக்கு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. தலைவர் “கேட்டீங்களாம்மா?” என்று தாளைக் கட்டில் செருகினார். மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமாக எல்லாம் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் தெரிந்தவர் இல்லை என்று பாதி வழியில் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு பார்வை. அன்று மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்தப் பேப்பருக்குக் கடைசி நாள். சாயங்காலம் கட்டெல்லாம் சாக்கில் போட்டு அரக்கு வைத்தார்கள். நான் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன்.

குன்னம் தாண்டும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஏழெட்டு வருஷம் முன்னால் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “சார், நேரா ஜீரோலேர்ந்து ரெண்டு பை வரைக்கும் போட்டா என்ன?” என்று கேட்டாள். நான் சொன்ன பதில், “போட்டா ஆன்சர் வராது.” அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் வராது என்று அவளும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நீளம் என்ற ஒன்றை இரண்டு வழியில் அளந்தால் ஒரு வழியில் எட்டும் ஒரு வழியில் பூஜ்யமும் வரலாமா? பஸ்ஸில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பருத்திக் காடெல்லாம் வெட்டி முடித்துக் காய்ந்து கிடந்தது.

அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு கிராஃப் தாளை எடுத்தேன். ஏ-யை ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். தீட்டா பூஜ்யம் என்றால் ஆர் பத்து. அறுபது டிகிரிக்கு ஏழரை. தொண்ணூறுக்கு ஐந்து. நூற்றிருபதுக்கு இரண்டரை. நூற்றெண்பதில் பூஜ்யம். நடுவிலும் நிறையப் புள்ளி வைத்துச் சுற்றி வரைந்தேன். பட்டன் தைக்கிற நூலை எடுத்து, குண்டூசி குத்திக் குத்தி மேல் பாதி மேல் படுக்க வைத்து அளந்தேன். இருபது சென்டிமீட்டருக்கு ஒரு நூல் அளவு குறைச்சல். கீழ்ப் பாதிக்கும் அதே. எட்டு ஏ என்றால் நாற்பது. சரியாகத்தான் இருந்தது.

நூலுக்கு மேல் பாதி கீழ்ப் பாதி தெரியாது. அது போகிற தூரத்தை மட்டும்தான் சொல்லும். பிறகு கணக்கைப் பார்த்தேன். தப்பு எங்கே என்று உடனே தெரிந்தது. காஸ் வர்க்கத்துக்கு ரூட் காஸ் இல்லை. மைனஸ் மூன்றின் வர்க்கம் ஒன்பது, ஒன்பதின் ரூட் மூன்று, மைனஸ் மூன்று இல்லை. எட்டாம் வகுப்புப் பாடம். ரூட் கழலும்போது இரண்டு பக்கமும் நேர்க்கோடு, அதாவது மட்டுக் குறி, போட்டு, மைனஸை எடுத்துவிட வேண்டும். தீட்டா பையிலிருந்து இரண்டு பை வரை போகும்போது பாதித் தீட்டா தொண்ணூறிலிருந்து நூற்றெண்பது டிகிரி. அங்கே காஸ் மைனஸ். அதனால் ரூட்டின் மதிப்பு மைனஸ் காஸ். அந்த இடம்தான் படத்தில் கீழ்ப் பாதி, அச்சு அசலாக அதேதான். அந்த நேர்க்கோட்டைப் போடாமல் விட்டால் கீழ்ப் பாதி மைனஸ் நான்கு ஏ ஆகி, மேல் பாதியைத் தின்றுவிடும். மிச்சம் பூஜ்யம்.

புத்தகக்காரன் பை-யோடு நிறுத்தியதால் காஸ் மைனஸ் ஆகிற இடத்துக்கே நாங்கள் யாரும் போகவில்லை. அந்தப் பிள்ளை போனது. போய், சரியாக அந்த இடத்தில் வெட்டி, சரியாக அங்கே மட்டும் மைனஸ் போட்டது. தூவிய மைனஸ் என்றால் பையில் வெட்டியிருக்காது. காரணம் எழுதத் தெரியாமல் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதியது. அந்த வரி தப்பு இல்லை.

ரயிலில் சிமெண்ட் ஏற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கணக்குத் தெரிந்த, இதைக் கேட்டால் சிரிக்கிற ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவர்தான் எனக்கு இருந்தார். அவர் அன்று வேறு மேஜையில் சாப்பிட்டார்.

மறுநாள் முதல் பஸ். தலைவர் அடுத்த பேப்பருக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கிராஃப் தாளை நீட்டி, நேற்றுச் சொன்னது தப்பு என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒரு பழைய கட்டின் மேலுறையைத் திருப்பி அதில் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தார். முழுக்கப் போட்டார். பையிலிருந்து இரண்டு பை வரை வந்ததும் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

“சரியாத்தாங்க இருக்கு. நேத்தே சொல்லியிருக்கலாம்ல?”

கட்டு முந்தின நாள் சாயங்காலமே வேனில் போய்விட்டது. அவர் நல்ல மனுஷர்தான். மதிப்பெண் பட்டியலின் கார்பன் நகலை எடுத்தார். அந்தக் கட்டில் முப்பத்தைந்து இரண்டு பேருக்கு இருந்தது. எந்தப் பொய் எண் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. இருபது தாள் திருத்துகிறவர்கள் எண்ணையா மனப்பாடம் செய்வார்கள். இரண்டு எண்ணையும் குறித்து, பதினேழாம் கேள்வியை மறுபடி பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி அவரே கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மறுமதிப்பீடு வேண்டும் என்றால் எழுதியவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், திருத்தியவர் இல்லை. எழுதியவர் யார் என்று எங்களுக்குச் சொல்ல அவர்களுக்கும் அனுமதி இல்லை.

கடிதம் எழுதிய அன்றே டீ நேரத்தில் பரிமளா மேடத்திடம் போனேன். தலைவர் ஒப்புக்கொண்டதையும் கடிதத்தையும் சொன்னேன். மேடம் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“கோவம்லாம் இல்ல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரிஞ்சே சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?”

“தெரியாமதாங்க.”

“பதினாறு வருசமாவா?”

நான் தெரிந்தே சொன்னதாக அவர் நினைத்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அடுத்த வருஷம் அவர் முகாமுக்கு வரவில்லை. திருச்சிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் பெயர் பட்டியலில் இருந்தது. டீயும் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் விடையோடு நிறுத்திக்கொள்பவர்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஃபெயிலான பிள்ளை அரியர் எழுதும், இல்லையா. ஒவ்வொரு மே முகாமிலும், அரியருக்காக நவம்பரில் நடக்கிற சின்ன முகாமிலும் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். கட்டைப் பிரித்ததும் முதலில் படத்தைத்தான் பார்ப்பேன். கீழ்ப் பாதி கறுப்பாக இருக்கிறதா என்று. வயல் வரப்பில் விட்ட சாவியைத் தேடுகிற மாதிரிதான். நூற்றுக்கணக்கான வெற்றிலை பார்த்தேன். எல்லாவற்றிலும் பூஜ்யத்திலிருந்து பை, பெருக்கல் இரண்டு. ஒருவன் இரண்டு பை வரை போட்டு, பூஜ்யம் வாங்கி, அதன் கீழே ‘ஆகவே எட்டு ஏ’ என்று எழுதியிருந்தான். அவனுக்கு நான் கோடு போட்டேன். அது வேறு, இது வேறு என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

வகுப்பிலும் மாற்றிக்கொண்டேன். ரூட் கழலும்போது சாக்பீஸால் இரண்டு நேர்க்கோடு பெரிதாகப் போடுவேன். இரண்டு பை வரை போட்டுக் காட்டி, பூஜ்யத்தையும் வரவழைத்துக் காட்டி, ஏன் என்று கேட்பேன். பிள்ளைகள் “சார், இது பரிட்சைக்கு வருமா?” என்பார்கள். வராது என்பேன். பேனாவை மூடிவிடுவார்கள்.

2004 நவம்பர். இளையபெருமாள் சார் ஓய்வு பெற்றுவிட்டார். வேறு தலைவர். மூன்றாம் நாள் மத்தியானக் கட்டு. நடுவில் ஒரு தாளைத் திருப்பினேன். அழுத்தி வரைந்த கீழ்ப் பாதி. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், மேடு தட்டுப்பட்டது.

அந்தத் தடவைக் கேள்வியில் கூட்டலுக்குப் பதில் கழித்தல். ஒன்று கழித்தல் காஸ் தீட்டா. வெற்றிலை இடது பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். இதற்கு ரூட் கழன்றால் காஸ் வராது, சைன் பாதித் தீட்டா வரும். சைன் பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது டிகிரி வரை மைனஸ் ஆகவே ஆகாது. அதனால் முழுச் சுற்றும் ஒரே மூச்சில் போடலாம். வெட்டவும் வேண்டாம், மைனஸும் வேண்டாம், சமச்சீரும் வேண்டாம். எட்டு ஏ நேராக வரும்.

அந்தப் பிள்ளை முதலில் அப்படித்தான் போட்டிருந்தது. பூஜ்யத்திலிருந்து இரண்டு பை. ரூட் கழன்ற இடத்தில் ‘சைன் இங்கே எங்கும் மைனஸ் இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒழுங்காகக் காரணமும் எழுதி, ஆறு வரியில் எட்டு ஏ. ஒரு பிழை கிடையாது.

அத்தனைக்கும் மேல் மூலைக்கு மூலை கோடு போட்டு அடித்திருந்தது.

கீழே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி ‘சமச்சீரின்படி’ என்று தொடங்கி, பூஜ்யத்திலிருந்து பை, பெருக்கல் இரண்டு, எட்டு ஏ. நூறு தாளில் பார்த்த அதே எழுத்து. அடித்தது படிக்க முடியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து அடித்தது இல்லை. ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரிந்தது. சரி என்று தெரிந்துதான் அடித்திருக்கிறது. போன தடவை தன் வழியில் போய்த் தோற்றதால் இந்தத் தடவை எங்கள் வழியில் வந்திருக்கிறது.

அடித்ததற்கு மதிப்பெண் தரக்கூடாது. கீழே இருந்ததற்குப் பத்துக்குப் பத்து போட்டேன். மொத்தம் ஐம்பத்தொன்று. பாஸ். பக்கத்தில் இருந்தவர் டீக்குக் கூப்பிட்டார். நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அடித்திருந்த ஆறு வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பில் ‘இதுவும் சரி. முதல் தடவை போட்டதும் சரி’ என்று எழுதினேன். திருத்திய தாள் எழுதினவர் கைக்குத் திரும்பிப் போகாது. கொஞ்ச வருஷம் ஒரு அறையில் கிடந்து பிறகு எடைக்குப் போகும். எழுதும்போதே அது தெரியும்.

இப்போது 2007. மாவட்டத்தை ஒரு தடவை பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். எனக்கு நாற்பத்தெட்டு முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் தமிழில் தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இணையத்தில் இந்த வலைப்பக்கத்தை ஊர் ஊராக யார் யாரோ படிப்பதாகச் சொன்னார்கள். அதனால் எழுதினேன்.

நீங்கள் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. 2003 ஏப்ரலில் கார்டியாய்டைப் பையில் வெட்டி, ‘கீழ்ப் பாதிக்கும் நீளம் உண்டு’ என்று தமிழில் ஒரு வரி எழுதியவர் நீங்கள் என்றால், உங்களை ஃபெயிலாக்கியதில் நானும் ஒருவன். உங்கள் கணக்கு சரி. அடுத்த வருஷம் நீங்கள் கோடு போட்டு அடித்த ஆறு வரியும் சரி. அதற்கப்புறமும் கணக்கில் இருக்கிறீர்களா, இல்லை அதோடு விட்டுவிட்டீர்களா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். படிக்கிற மற்றவர்கள், அப்படி ஒருவரோடு படித்திருந்தால், படத்தில் கீழ்ப் பாதியை அழுத்தி வரைகிற ஒரு தோழனோ தோழியோ உங்கள் வகுப்பில் இருந்திருந்தால், இதை அவருக்குச் சொல்லுங்கள். செவ்வாயும் சனியும் சாயங்காலம் இங்கே வந்து பார்ப்பேன். தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.